பில்லில் போட்ட கியூஆர் கோடு ஸ்கேன் ஆகவில்லையா? புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்

மெழுகுவர்த்தி வார்த்து விற்கிறேன். பில்லின் அடியில் எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ஒரு கியூஆர் கோடு போட்டேன். திரையில் பட்டென்று ஸ்கேன் ஆன அதே கோடு, பில்லில் வந்த பிறகு நாலு போனில் ஒன்றில்தான் திறந்தது. பிரிண்டர் ஹெட்டைத் துடைத்தேன், பேப்பர் ரோலை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கோளாறு நான் செய்த கணக்கில் இருந்தது.

1. முதலில் லிங்க்

ஆப்பில் ஷேர் பட்டனை அழுத்தி எடுத்த லிங்கை அப்படியே போட்டிருந்தேன். அதன் கடைசியில் `?igsh=` என்று ஒரு வால் தொங்கும். அதோடு சேர்த்து மொத்தம் 64 எழுத்து. எழுத்து கூடக்கூட கோட்டில் கட்டங்களும் கூடும். வாலோடு 37×37 கட்டம். வாலை வெட்டினால் 29×29.

இன்னும் நல்ல வழி, உங்கள் சொந்த டொமைனில் ஒரு குட்டி முகவரி வைப்பது. அது இன்ஸ்டாகிராமுக்குத் திருப்பிவிடும். `_redirects` கோப்பை ஏற்கும் ஹோஸ்டிங் என்றால் ஒரே வரி:

```
/i  https://www.instagram.com/username  302
```

கடைசியில் 302-க்குப் பதில் 301 போடாதீர்கள். உலாவி அதை நினைவில் வைத்துக்கொள்ளும், பின்னால் மாற்றினாலும் சிலருக்குப் பழைய பக்கமே திறக்கும். நாளைக்கு யூசர்நேமை மாற்றினால்கூட, இதே கோட்டை அச்சடித்த மெழுகுவர்த்திப் பெட்டிகள் வீணாகாது, இந்த வரியை மட்டும் திருத்தினால் போதும்.

‘டைனமிக் கியூஆர்’ தரும் இலவசத் தளங்கள் எனக்குப் பிடிக்காது. அங்கே கோட்டுக்குள் இருப்பது அவர்களுடைய முகவரி. சோதனைக் காலம் முடிந்து அவர்கள் அதை நிறுத்தினால், உங்கள் பெட்டியில் இருப்பது வெறும் கறுப்பு வெள்ளைப் படம்தான்.

2. நான் தடுக்கி விழுந்த இடம்

பெரும்பாலான பில் பிரிண்டர்கள் 203 டிபிஐ. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. என் கோட்டில் 37 கட்டம், சுற்றிலும் விட வேண்டிய வெள்ளை ஓரம் பக்கத்துக்கு 4 கட்டம், ஆக 45. அந்தப் படத்தை 18 மில்லிமீட்டருக்குள், அதாவது 144 புள்ளிக்குள் அமுக்கியிருந்தேன். ஒரு கட்டத்துக்கு 3.2 புள்ளி. பிரிண்டரால் கால் புள்ளியும் அரைப் புள்ளியும் அடிக்க முடியாது. அதனால் சில கட்டம் 3 புள்ளியாகவும் சில கட்டம் 4 புள்ளியாகவும் விழுந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஓரங்கள் கோணலாக, நடுவில் இரண்டு கட்டம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

ஆகவே ஒரு கட்டத்துக்கு முழு எண்ணில் புள்ளி கொடுங்கள். நான் `qrencode` கட்டளையைத்தான் பயன்படுத்துகிறேன்:

```
qrencode -l M -s 5 -m 4 -o bill.png "https://example.com/i"
```

21 எழுத்து லிங்குக்கு 25 கட்டம் வரும். ஓரத்தோடு 33. கட்டத்துக்கு 5 புள்ளி வைத்தால் 165 புள்ளி, பில்லில் ஏறக்குறைய 20.6 மில்லிமீட்டர். இந்தப் படத்தைப் பில் மென்பொருளில் ஏற்றும்போது இழுத்துப் பெரிதாக்கவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பது டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். என் பிரிண்டர் டிரைவரில் அது தானாகவே டிக் ஆகியிருந்தது!

பெட்டிக்கு இந்தத் தலைவலி இல்லை. `-t SVG` சேர்த்து, கோப்பின் பெயரையும் `box.svg` என்று மாற்றி அச்சகத்துக்குக் கொடுங்கள். கறுப்புப் பெட்டியில் வெள்ளை நிறக் கியூஆர் கோடு அழகாகத்தான் இருக்கும். ஆனால் சில ஸ்கேனர்கள் அதைப் படிக்காது. வெள்ளைச் சதுரம் ஒட்டி, அதன்மேல் கறுப்பில் போடுங்கள்.

3. ஸ்கேன் பண்ண ஒரு காரணம்

‘எங்களைப் பின்தொடருங்கள்’ என்று போட்டிருந்தேன். அதற்காக யார் போனை எடுப்பார்கள்? இப்போது பெட்டியில் இருக்கும் வரி: ‘முதல்முறை ஏற்றும் முன் இதைப் பாருங்கள்’. முதல் தடவை மேற்பரப்பு முழுக்க உருகும்வரை எரியவிடாவிட்டால், அடுத்தடுத்த தடவை திரியைச் சுற்றிக் குழி மட்டும் விழும், ஓரத்து மெழுகு அப்படியே நிற்கும். அதைக் காட்டும் குட்டி வீடியோவைப் பக்கத்தின் மேலே பின் செய்திருக்கிறேன்.

இது ஸ்கேன் செய்யத்தான் காரணம். ஃபாலோ செய்ய இன்னொன்று வேண்டும். பில்லில் ‘அடுத்த வார்ப்பு என்றைக்கு என்பதை முதலில் இங்கேதான் சொல்வோம்’ என்று போட்டேன். சொன்னபடி அங்கே முதலில் சொல்லவும் வேண்டும், அதில் ஏமாற்றக் கூடாது.

பின்சேர்க்கை: ஸ்கேன் செய்தால் உலாவியில் லாகின் பக்கம் வந்து நிற்கிறது என்று இரண்டு பேர் கமென்டில் எழுதியிருந்தார்கள். ஆப் இல்லாத போனில், அல்லது லாகின் ஆகாத உலாவியில் அப்படி வரும். அதை நம்மால் மாற்ற முடியாது. அதனால் கோட்டுக்குக் கீழே `@username` என்று எழுத்திலும் போட்டுவிட்டேன், ஆப்பில் தேடிப் பிடித்துக்கொள்ளலாம். எரிக்கும் வீடியோவை மட்டும் சொந்தத் தளத்திலும் ஏற்றிவிட்டேன். பெட்டிக் கோட்டுக்கு இப்போது `/i` இல்லை, தனியாக `/v`.