அடிக்கட்டையில் கை வைக்காதீர்கள்: ஊரில் தேக்கு வெட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிறு சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊர்ப்பக்கத்துத் தம்பி ஒருவர் உற்சாகமாகச் சொன்னார்: “அண்ணே, தோட்டத்துத் தேக்கை விலை பேசியாச்சு. புதன்கிழமை வெட்டு. வியாழக்கிழமை ஜேசிபி வந்து அடிக்கட்டையெல்லாம் பிடுங்கிடும். வாடகைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்.”

எனக்கு டீ இறங்கவில்லை. இதே வரிசையில், இதே அவசரத்தில், பல வருடம் முன்பு நானும் செய்தேன். இங்கிருந்தபடி ஊரில் மரம் விற்கிற பலரும் அதைத்தான் செய்கிறார்கள். பட்டா நகல் இல்லாமல் போவது, கையெழுத்தை மறப்பது போன்றவற்றை வனச்சரக அலுவலகத்தில் முதல் நாளே சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். தமிழ்நாட்டில் சமவெளிப் பட்டா நிலத்துத் தேக்கைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். மலைப்பகுதி நிலம் என்றால் 1955-ஆம் வருடச் சட்டப்படி வெட்டுவதற்கே முன் அனுமதி வேண்டும். அது வேறு கதை.

அடிக்கட்டையைத் தோண்டுவது

1968-ஆம் வருட மரப் போக்குவரத்து விதிகளின்படி, தேக்குக் கட்டை லாரியில் ஏறினால் அதோடு பர்மிட்டும் போக வேண்டும். அதைக் கொடுப்பதற்கு முன் வனத்துறைக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கட்டை இந்த நிலத்தில் நின்ற மரமா? காப்புக்காட்டிலோ வாய்க்கால் கரையிலோ வெட்டி உங்கள் தோட்டத்தில் கொண்டுவந்து போட்டதா? பட்டாவும் கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்றும் நிலம் உங்களுடையது என்று சொல்லும். அடங்கலில் பதிவு இருந்தால் அங்கே மரம் இருந்தது என்றும் தெரியும். ஆனால் கீழே கிடக்கிற கட்டைக்குச் சாட்சி அதன் அடிக்கட்டை ஒன்றுதான். வனவர் வந்தால் முதலில் அடிக்கட்டையைச் சுற்றி டேப் போடுவார். பிறகு கட்டையின் அடிமுகத்தை அளப்பார். இரண்டும் பொருந்த வேண்டும். சந்தேகம் வந்தால் வெட்டுமுகத்தில் நடுவிலிருக்கும் கெட்டியான வைரம் எங்கே நிற்கிறது, உள்ளே பொந்து இருக்கிறதா என்று ஒப்பிட்டும் பார்ப்பார்.

நான் விற்றது 42 மரம். வெட்டிய மறுநாள் ஜேசிபி வண்டிக்காரர், “இன்னைக்கே தோண்டிட்டா ஒரே வாடகையில முடிஞ்சிடும்” என்றார். சரி என்று சிங்கப்பூரிலிருந்து போனிலேயே தலையாட்டினேன். சாயங்காலத்துக்குள் வயல் பளிச்சென்று ஆகிவிட்டது. அடிக்கட்டைகளில் பாதிக்கு மேல் விறகுக்கும் போய்விட்டன.

வனவர் வந்து பார்த்தார். ஒரு பக்கம் அடுக்கிய தேக்கு, மறுபக்கம் சமன்செய்த மண். “மரம் எங்கே நின்னுச்சு?” என்றார். என் சித்தப்பா கையை வீசி “இந்தப் பக்கம் பூரா” என்றார். அதை வைத்து யார் அறிக்கை எழுதுவார்கள்? கோபம் வந்தாலும், அவர் இடத்தில் நான் இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த இரண்டரை மாதம் நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். வேலி ஓரத்தில் குவித்திருந்த 9 அடிக்கட்டைகள் மட்டும் மிஞ்சியிருந்தன; அவற்றுக்கு அளவு பொருந்தியது. மற்ற 33 மரத்துக்கு கிராம நிர்வாக அலுவலரின் மறு ஆய்வு, பக்கத்து நிலத்துக்காரர்களின் வாக்குமூலம், என் உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் கேட்டார்கள். சாங்கியிலிருந்து திருச்சிக்கு இரண்டு முறை பறந்தேன். கடைசியில் கைகொடுத்தது தம்பி மகன் எப்போதோ வரப்பில் நின்று எடுத்து அனுப்பிய போட்டோ. பின்னால் மரவரிசை தெளிவாக விழுந்திருந்தது. அதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது. தேக்கின் வைரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வெளியே வெள்ளையாக இருக்கிற பால்மரம் சீக்கிரம் பூச்சிக்கு இரையாகும், கறுக்கும். இளந்தேக்கில் பால்மரம்தான் அதிகம். வியாபாரி பேசிய விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தார். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

இன்னும் எரிச்சலாக இருப்பது வேறொன்று. தேக்கின் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். ஒரு துளிரை மட்டும் விட்டு மற்றதைக் கழித்தால் புதுக் கன்றைவிட வேகமாக ஏறும். அதையும் சேர்த்துத்தான் காசு கொடுத்துத் தோண்டினேன்.

இப்போது நான் செய்வது இது. வெட்டுவதற்கு முன்பே சரக அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்து, நிற்கிற மரத்தையே வந்து பார்க்கச் சொல்வேன். ஒவ்வொரு மரத்துக்கும் பெயின்டில் ஒரே எண்ணை இரண்டு இடத்தில் எழுதுவேன்: நெஞ்சு உயரத்தில் ஒன்று, கணுக்கால் உயரத்தில் ஒன்று. ரம்பம் இரண்டுக்கும் நடுவே போக வேண்டும். அப்போது 17-ஆம் மரம் சாய்ந்த பிறகும் அடிக்கட்டையில் 17 இருக்கும். மேலே துண்டுபோடும் கட்டைகளின் முகத்தில் 17/1, 17/2, 17/3 என்று எழுதிவிடுவேன். லாரி மரத்தை டிப்போவில் இறக்கும் வரை ஜேசிபிக்கு வயலில் வேலை இல்லை.

அளவுப் பட்டியலை வியாபாரியிடம் விடுவது

வியாபாரி தனக்குச் சாதகமாகச் சுற்றளவை இறக்கி எழுதுவார், அதுவும் அங்குலத்தில். வனவர் அளப்பது சென்டிமீட்டரில். பட்டியல் ஒன்று, கட்டை ஒன்று என்று நின்றால் திருத்தித் தரச் சொல்வார்கள். ஒரு வாரம் போகும். கணக்கு கஷ்டமில்லை. கட்டையின் நடுவில் சுற்றளவு எடுத்து நான்கால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். என் 17/1-க்கு நடுச் சுற்றளவு 100 செ.மீ., நீளம் 3 மீட்டர். 0.25 × 0.25 × 3 = 0.1875 கன மீட்டர், அதாவது சுமார் 6.6 கன அடி. உண்மையான கன அளவில் இது 78 சதவீதம் போலத்தான் வரும். கால் சுற்றளவு முறையின் குணம் அது, யாரும் ஏமாற்றவில்லை. பட்டையோடு அளந்தீர்களா, உரித்து அளந்தீர்களா என்பதைப் பட்டியலின் தலையிலேயே எழுதிவிடுங்கள். ஒரே பட்டியலில் இரண்டையும் கலக்கக் கூடாது.

நிலம் விற்கிற பவரை வைத்து மரம் வெட்டுவது

இங்கே இருக்கிற நமக்கான தவறு இது. ஏற்கெனவே அண்ணனுக்குக் கொடுத்த பவர் இருக்கிறதே என்று நினைப்போம். எடுத்துப் பார்த்தால் விற்க, அடமானம் வைக்க என்று மட்டும் இருக்கும். மரம் வெட்டவும், வனத்துறையில் விண்ணப்பிக்கவும், பர்மிட் வாங்கவும் என்று சர்வே எண்ணோடு தனியாக எழுதுங்கள். கிரேஞ்ச் சாலையில் இருக்கிற இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கலாம். பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கூரியர் உறையைத் தூக்கி எறியாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்காளிகளின் ஒப்புதலும் வேண்டும்.

வாய்க்கால் கரை மரம்

உங்கள் அப்பா நட்டிருந்தாலும் கரை புறம்போக்கு. தொடாதீர்கள்.

தோட்டத்திலேயே அறுத்துப் பலகையாக்குவது

பலகைக்குச் சுற்றளவு கிடையாது, அடிக்கட்டையோடு ஒப்பிட முடியாது.

லாரி மாறினால்

பர்மிட்டும் மாற வேண்டும். அதில் வண்டி எண்ணும் நாளும் இருக்கிறது. வண்டி வழியில் படுத்துவிட்டால் வேறு வண்டியில் ஏற்றுவதற்கு முன் சரகருக்குப் போன் போடுங்கள்.

தம்பி டீக்கடையிலிருந்தே வண்டிக்காரரைக் கூப்பிட்டார். அட்வான்ஸ் திரும்ப வராதாம்.