‘ம்’மில் முட்டிக்கொள்ளும் குறுக்கெழுத்து

உயிரியல் பாடத்தின் கலைச்சொற்களை மாணவர்கள் திருப்பிப் பார்க்கட்டும் என்று குறுக்கெழுத்துப் புதிர் தயாரிக்கிற புதிய ஆசிரியர்கள் சிலர், கட்டத்தை என்னிடம் காட்டுவது உண்டு. என் பழைய தவறுகளை வேறொருவர் கையெழுத்தில் பார்ப்பது போலிருக்கும். எண் விட்டுப்போவது, கட்டம் கோணுவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை சில இருக்கின்றன. ‘செல்’ பாடத்தை எடுத்துக்கொண்டே சொல்கிறேன்.

கணினி எண்ணும் எழுத்தை நம்புவது

மைட்டோகாண்ட்ரியா என்பதற்கு எத்தனை கட்டம்? மை, ட், டோ, கா, ண், ட், ரி, யா. எட்டு. ஆங்கிலத்துக்கென்று செய்த கட்டம் போடும் மென்பொருளில் இதே சொல்லைத் தட்டினால் பதினாறு கட்டம் வரலாம். ஒருங்குறியில் ‘ம’ ஒரு குறி, அதனோடு சேரும் ஐகாரக் கொக்கி தனிக் குறி, மெய்யின் புள்ளியும் தனிக் குறி. அப்படிப்பட்ட மென்பொருள் கொக்கியையும் புள்ளியையும் ஆளுக்கொரு கட்டத்தில் உட்கார வைத்துவிடும். புது மென்பொருள் கிடைத்தால் முதலில் இந்த ஒரு சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். எட்டு வந்தால் மேலே போகலாம். பதினாறு வந்தால் பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் போதும்.

இரண்டு பெயர் உள்ள சொல்

பாடம் ‘உட்கரு’ என்றால் உட்கரு. ‘நியூக்ளியஸ்’ என்று நீங்கள் படித்தது உங்களோடு.

‘ம்’மில் மட்டும் வெட்டுவது

இதைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். இன்றைக்கும் யாராவது கட்டத்தை நீட்டினால் முதலில் என் கண் போவது இங்கேதான்.

தமிழில் குறுக்கெழுத்து அமைப்பது கடினமான வேலை. ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்துதான், எங்கே திரும்பினாலும் ஒன்று பொருந்தும். நமக்கு 247, அதன் மேல் கிரந்தமும் உண்டு. இரண்டு சொற்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள இரண்டுக்கும் பொதுவான ஓர் எழுத்து அமைவதே அபூர்வம். அந்த நேரத்தில் கைகொடுப்பது ‘ம்’. ரைபோசோம், லைசோசோம், குரோமோசோம், சைட்டோபிளாசம், பசுங்கணிகம் எல்லாம் ‘ம்’மில் முடிகின்றன. வாலோடு வாலை முட்டவிட்டால் கட்டம் அரை மணியில் தயார். நானும் அப்படித்தான் செய்தேன்.

என் கட்டத்தில் ரைபோசோமின் ‘ம்’ பசுங்கணிகத்தின் ‘ம்’மோடு சேர்ந்தது. லைசோசோமின் ‘ம்’ சைட்டோபிளாசத்தின் ‘ம்’மோடு. இரண்டுக்கும் வேறு வெட்டு இல்லை. ரைபோசோமுக்கு நான் எழுதிய குறிப்பு, “சைட்டோபிளாசத்தில் காணப்படும் மிகச் சிறிய நுண்ணுறுப்பு”. லைசோசோமுக்கு, “புரதங்களோடு தொடர்புடைய நுண்ணுறுப்பு”. அன்றைக்கு இரண்டும் அழகாகத்தான் தெரிந்தன. லைசோசோமில் இருக்கும் நொதிகள் புரதங்கள்தானே, அதனால் குறிப்பு பொய்யும் இல்லை.

தாள்கள் திரும்பி வந்தன. நிறைய பேர் இரண்டையும் இடம் மாற்றி எழுதியிருந்தார்கள். எழுதியதை அழித்த தடம் ஒரு தாளில்கூட இல்லை. ஏன் இருக்கும்? இரண்டும் நான்கு எழுத்து. இரண்டுக்கும் மூன்றாவது ‘சோ’, நான்காவது ‘ம்’. இடம் மாற்றிப் போட்டாலும் குறுக்கே வரும் சொல் முணுமுணுக்காது. கட்டம் முழுதும் நிரம்பிவிட்டதால் “எல்லாம் சரி” என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த தேர்வில், புரதம் தயாராகும் இடம் லைசோசோம் என்று எழுதி வந்தார்கள். திருப்பிப் பார்க்கக் கொடுத்த புதிரே தவறான பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

குறுக்கெழுத்தில் வெட்டுக் கட்டத்துக்கு ஒரு வேலை உண்டு. தவறான விடை வந்தால் அது முரண்டு பிடிக்க வேண்டும். ‘சோம்’ என்பது உடல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பொது வால். குரோமோ என்றால் நிறம், லைசோ என்றால் கரைப்பது; ரைபோ என்பது ரைபோநியூக்ளிக் அமிலத்திலிருந்து எடுத்தது. மாணவர் தெரிந்துகொள்ள வேண்டியது முழுதும் தலையில் இருக்கிறது. நானோ வாலில் காவல் போட்டிருந்தேன்.

திருத்தியது இப்படி. ரைபோசோமை இடமிருந்து வலமாகப் போட்டேன். அதன் மூன்றாவது கட்டமான ‘சோ’ வழியாக லைசோசோமை மேலிருந்து கீழாக இறக்கினேன், ஆனால் அதன் இரண்டாவது எழுத்தான ‘சோ’ அங்கே விழும்படி. இப்போது யாராவது இரண்டையும் மாற்றிப் போட்டால், கீழே இறங்கும் ரைபோசோம் அந்தக் கட்டத்தில் ‘போ’ கேட்கும், குறுக்கே போகும் லைசோசோம் ‘சோ’ கேட்கும். பேனா அங்கேயே நின்றுவிடும். இரண்டையும் மூன்றாவது ‘சோ’வில் வெட்டியிருந்தால் மறுபடி பழைய கதைதான், மாற்றிப் போட்டாலும் பொருந்திவிடும்.

குறிப்புகளையும் மாற்றினேன். ரைபோசோமுக்கு, “சவ்வு இல்லாதது, இங்கே அமினோ அமிலங்கள் புரதமாகக் கோக்கப்படும்”. லைசோசோமுக்கு, “ஒற்றைச் சவ்வுப் பை, தேய்ந்த நுண்ணுறுப்புகளை உள்ளே இழுத்துச் செரிக்கும்”. ஒன்றுக்கு எழுதியது மற்றதற்குப் பொருந்தக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

இதைவிட மோசமான ஜோடி குரோமாட்டின், குரோமாட்டிட். ஆறு எழுத்தில் ஐந்து அப்படியே ஒன்று. கடைசி எழுத்து மட்டும் ‘ன்’ அல்லது ‘ட்’. இங்கே தலைகீழ்: வாலில்தான் வெட்ட வேண்டும். சென்ட்ரியோலின் இரண்டாவது எழுத்து ‘ன்’, அதைக் குரோமாட்டினின் கடைசிக் கட்டத்தில் பொருத்தினால் வேலை முடிந்தது. மைட்டாசிஸ், மியாசிஸ் ஜோடியில் இந்தத் தலைவலி இல்லை. ஒன்று ஐந்து கட்டம், மற்றது நான்கு. எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போதெல்லாம் கட்டம் முடிந்ததும் வேண்டுமென்றே தவறான விடைகளை எழுதிப் பார்க்கிறேன். மாணவர்கள் வழக்கமாகக் குழப்பிக்கொள்ளும் ஜோடிகளை மட்டும் மாற்றிப் போடுவேன். எங்கேயும் முட்டாமல் கட்டம் நிரம்பினால், அந்த இரண்டு சொற்களையும் எடுத்து வேறு இடத்தில் வைப்பேன். பத்து நிமிட வேலை. நான் தாள் திருத்திய நேரத்தை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

சொற்பட்டியலைப் பக்கத்திலேயே கொடுப்பது

கட்டத்தின் ஓரத்தில் விடைகளை வரிசையாக அச்சிட்டால் யாரும் குறிப்பைப் படிக்க மாட்டார்கள். எட்டுக் கட்டச் சொல் பட்டியலில் மைட்டோகாண்ட்ரியா மட்டுமே என்றால் அது என்ன செய்கிறது என்று தெரியாமலே எழுதிவிடலாம். தடுமாறுகிறவர்களுக்கு உதவ வேண்டுமென்றால் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் எழுத்தை நிரப்பிக் கொடுங்கள். எந்த எழுத்து என்று இதற்குள் தெரிந்திருக்கும், நிச்சயமாக ‘ம்’ இல்லை.

குறிப்புக்குள் விடை

உட்கருமணிக்கு, “உட்கருவுக்குள் இருக்கும் மணி போன்ற பகுதி”. சிரிக்காதீர்கள், எழுதியிருக்கிறேன்.

பொருந்தாத சொல்லைச் சுருக்குவது

எண்டோபிளாச வலைப்பின்னல் நுழையவில்லை என்றால் வெளியே விடுங்கள். ‘வலை’ என்று சுருக்காதீர்கள்.