மாத்திரை அட்டையின் ஓரத்தைப் பாருங்கள்

மயிலாப்பூரோ மாதவரமோ, மருந்துக் கடையில் நாலே நாலு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத்தான் தருவார்கள். பல அட்டைகளில் பேட்ச் நம்பரும் தேதிகளும் ஒரு ஓரத்தில் மட்டும்தான் இருக்கும். அது கடைக்காரர் கையிலேயே தங்கிவிட்டால், அட்டையை அவரிடம் கேட்டு வாங்கிப் பார்த்து, பில்லில் உள்ள பேட்ச் நம்பரோடு ஒத்துப் பாருங்கள். வேறாக இருந்தால் அங்கேயே கேளுங்கள்.

தயாரிப்பு 03/2024, காலாவதி 02/2026 என்றிருந்தால், 2026 பிப்ரவரி 28 வரை சாப்பிடலாம்.

அப்புறம், அந்த பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். தரமற்ற மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடுகிறது. பொதுவாக அந்தக் குறிப்பிட்ட பேட்ச் மட்டும்தான் அதில் சிக்கும். அதே பெயருள்ள மற்ற அட்டைகள் அல்ல. நம்பர் இல்லாமல் உங்களுடையது எது என்று சொல்லவே முடியாது.