ரெண்டு பாஷையில கலியாணக் கதை எழுதக்குள்ள எங்க பிழைக்குது?

கலியாண வெப்சைட்டுக்கு “நாங்க சந்திச்ச கதை” எழுதுற ஆக்கள் கூடுதலா விடுற பிழை, தமிழில ஒருக்கா எழுதிப்போட்டு அதையே வரிக்கு வரி சிங்களத்துக்கு மாத்துறதுதான். அப்பிடிச் செஞ்சா ஒரு வீட்டாருக்குக் கதை, மற்ற வீட்டாருக்கு அறிவித்தல் மாதிரிப் போயிரும்.

பொண்ணு கல்லடி, பொடியன் அம்பாறை டவுன், ரெண்டு பேரும் அம்பாறையில ஒரே ஒபீஸ் எண்டு வைப்பம். ஒரு போயா ராத்திரி அவர் கல்லடிப் பாலத்துக்கு வந்தாராம், அங்கதான் மனசத் திறந்து கதைச்சாங்களாம். மட்டக்களப்பு மாமிமாருக்கு “போயா, கல்லடிப் பாலம்” எண்டாலே போதும், மீன் பாடுற கதை சின்னனில இருந்து கேட்டதுதானே. ஆனா அம்பாறையில இருக்கிற அவர்ட அம்மாவுக்கு, நிலாக் காலத்தில தோணியில போய் துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில காத வச்சா சத்தம் கேக்கும் எண்டு சனம் சொல்றத ரெண்டு வரியில சொல்லணும், இல்லாட்டி ஏன் அந்தப் பாலத்துக்குப் போனாங்க எண்டே அவவுக்கு விளங்காது.

மற்றப் பக்கமும் அப்பிடித்தான். பிறகு அவங்க இங்கினியாகலைக்குப் போய் சேனாநாயக்க சமுத்திரத்தில போட்டில ஏறினாங்க எண்டா, சிங்களத்தில பேர் மட்டும் காணும். தமிழில அது கல் ஓயாவ மறிச்சுக் கட்டின பெரிய குளம், யானை ஒரு தீவில இருந்து மற்றத் தீவுக்கு நீந்திப் போறதப் பாக்கலாம் எண்டு எழுதுங்க, அப்பதான் பொண்ணுட அம்மம்மாவும் அந்தப் போட்டில ஏறி இருப்பா!

அதால தமிழ அவ எழுதட்டும், சிங்களத்த அவர் எழுதட்டும். ஆனா அதுக்கு முதல் ரெண்டு பேரும் ஒண்டா இருந்து எந்த வருஷம், எந்த இடம், ஆர் முதல்ல கதைச்சது, வீட்டில ஆருக்கு முதல்ல சொன்னது எண்டு ஒரு தாளில எழுதி வைக்கணும். அம்பாறையில ரெண்டு பாஷையும் வாசிக்கிற ஆக்கள் கனபேர், ஒண்டில 2021 மற்றதில 2022 எண்டு இருந்தா கலியாண வீட்டில அதுதான் கதையாப் போகும். வீட்டில முதல்ல விருப்பமில்லாம இருந்தத எழுதுறதா விடுறதா எண்டதும் அந்தத் தாளிலயே முடிவாகணும். ஒரு பாஷையில சொல்லி மற்றதில மறைச்சா மனசு நோகும், நான் எண்டா ரெண்டிலயும் விட்டிருவன்.

எழுத்திலயும் ஒரு பிழை வரும். கார்ட் அடிக்கிற கடையில தந்தத அப்பிடியே கொப்பி பண்ணிப் போட்டா, அது பாமினி எண்ட பழைய எழுத்துரு எண்டா “திருமணம்” எண்ட இடத்தில `jpUkzk;` எண்டு நிக்கும். சிங்களத்திலயும் பழைய எழுத்துருவுக்கு இதே கெதிதான். யூனிகோட்டுக்கு மாத்திப்போட்டு ஒரு பழைய ஃபோனில திறந்து பாருங்க. படமாப் போடவும் வேணாம், வயசாளிகளுக்குப் பெருசாக்கி வாசிக்கக் கஷ்டம்.

ஒரு பந்தி தமிழ், ஒரு பந்தி சிங்களம் எண்டு கலந்தும் போடாதீங்க. ரெண்டுக்கும் தனித்தனி லிங்க் வச்சு, அந்தந்த வீட்டு வாட்ஸ்அப் குரூப்புக்கு அவங்கட லிங்க அனுப்புங்க, மற்றப் பாஷைக்குப் போற பட்டன் மேலயே இருக்கட்டும்.