கஞ்சிராவில் திறந்த ஒலி மந்தமானபோது

என் கஞ்சிராவில் திறந்த அடியும் மூடிய அடியும் ஒரே மாதிரி மந்தமாகக் கேட்கத் தொடங்கியபோது, காரணம் தோலின் ஈரமா, இடக்கைப் பிடியா என்பதை முதலில் பிரித்தறிய விரும்பினேன். தோலைத் தொட்டிருந்த இடக்கை விரல் நுனிகளை முழுவதும் விலக்கி, சட்டத்தை மட்டும் கீழ்ப்பக்கம் தாங்கிக்கொண்டு, வலக்கை ஆள்காட்டி விரலால் விளிம்பருகே தட்டி உடனே எடுத்தேன். நாதம் நீண்டு ஒலித்தது; ஆகவே ஈரம் சரியாகவே இருந்தது, விரல்களின் அழுத்தமே அதை அடைத்திருந்தது. அப்போதும் மந்தமாகவே ஒலித்திருந்தால், உட்புறம் தெளித்த நீர் மிகுந்துவிட்டது என்று கொண்டு, தோல் சற்று உலரும்வரை காத்திருக்க வேண்டும்.

அதன்பின், சுருதியை ஏற்றும் கணத்தில் மட்டுமே இடக்கை விரல்களால் தோலை அழுத்துகிறேன். மூடிய ஒலிக்கு விரல்களைச் சேர்த்து நடுவில் அடித்து, கையை எடுக்காமல் தோலின் மேலேயே நிறுத்துகிறேன். கையை எடுக்கும் நேரந்தான் இரண்டு ஒலிகளையும் வேறுபடுத்துகிறது என்பது என் கருத்து.

கடத்திலும் இதே சோதனை உதவியது: கடத்தின் வாய் வயிற்றோடு முழுவதும் ஒட்டியிருந்தால் கும்கி என்னும் ஆழ்ந்த ஒலி எழாது, சிறிது இடைவெளி விட்டு மடியில் வைத்ததும் அது தெளிவாக எழுந்தது.