திருத்திய மின்னஞ்சலில் பழைய பெயரும் திகதியும் எங்கே ஒளிந்திருக்கும்?

சென்ற வருடத்து அழைப்பைப் பிரதி எடுத்து, பெயரையும் திகதியையும் மாற்றி இந்த வருடமும் அனுப்புவது கந்தோர்களில் அன்றாடம் நடப்பதுதான். பிழை இருந்தால் யாராவது தொலைபேசியில் சொல்வார்கள். சொன்ன பிழையை மட்டும் திருத்தி, தலைப்பில் ‘திருத்தப்பட்டது’ என்று சேர்த்து மறுபடி அனுப்பிவிடுகிறோம். இந்த இரண்டாவது மடல்தான் முதலாவதைவிட ஆபத்தானது. முதல் மடலில் சந்தேகம் வந்தவர் கேட்டிருப்பார். திருத்தியது என்று கண்டவர் கேட்கமாட்டார், அதில் உள்ளபடியே புறப்பட்டுவிடுவார்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். 2024.03.12 செவ்வாய்க்கிழமை அக்கரைப்பற்றில் கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களுக்கு ஒரு கணக்குப் பதிவுச் செயலமர்வு நடந்தது. அதே செயலமர்வை 2025.03.12 அன்று களுவாஞ்சிகுடியில் வைக்க வேண்டும். பழைய மடலில் வருடமும் மண்டபத்தின் பெயரும் மாற்றப்பட்டு அழைப்புப் போய்விட்டது. “12ஆம் திகதி புதன்கிழமையெல்லோ, நீங்க செவ்வாய் எண்டு போட்டிருக்கிறீங்க” என்று ஒரு செயலாளர் அழைத்துச் சொல்கிறார். செவ்வாய் புதனாகிறது, மடல் மறுபடி போகிறது. ஆனால் நாலு பத்தி கீழே, பெயர் பதிவதற்கான கடைசி நாள் ‘மார்ச் 5, செவ்வாய்’ என்றே கிடக்கிறது. தொடர்பு இலக்கம் 067இல் தொடங்குகிறது. மண்டபத்தின் வரைபட இணைப்பை அழுத்தினால் அது அக்கரைப்பற்றுக்குப் போகிறது.

இங்கே நடந்த முதல் தவறு, கிழமைப் பிழையைத் தனிப் பிழையாக எடுத்துக்கொண்டது. ஒரே திகதியின் கிழமை அடுத்த வருடம் ஒரு நாள் தள்ளி வரும்; இடையில் பெப்ரவரி 29 வந்தால் இரண்டு நாள் தள்ளும். ஆகவே பழைய மடலிலிருந்து ஒரு கிழமை தப்பி வந்திருந்தால், அதே மடலில் உள்ள மற்றக் கிழமைகளும் பிழையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். யாராவது கிழமைப் பிழையைச் சொன்னால் அதை ஒரு வால் என்று நினைத்துப் பிடித்து இழுக்க வேண்டும். மடலில் உள்ள எல்லாத் திகதிகளையும் நாட்காட்டியோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அதே நேரத்தில் போயா விடுமுறையையும் பார்த்துவிடலாம். 2025இல் மார்ச் 13 வியாழன் போயா. செயலமர்வை ஒரு நாள் தள்ளிவைக்க நினைத்திருந்தால் அங்கே போய் முட்டியிருக்கும்.

இரண்டாவது தவறு, புதிய விபரம் சரியா என்று மட்டும் வாசிப்பது. எழுதியவரின் கண்ணுக்கு மனதில் இருப்பதுதான் தெரியும். ‘களுவாஞ்சிகுடி’ என்று நினைத்துக்கொண்டே வாசிப்பவர் அக்கரைப்பற்றைத் தாண்டிப் போய்விடுவார். ‘கவனமாக வாசியுங்கள்’ என்ற அறிவுரையால் இதில் பயனில்லை. பழையதைத் தேட வேண்டும். பழைய மடலைத் திறந்து அதில் அந்த நிகழ்ச்சிக்கு மட்டுமே உரிய சொற்களை ஒரு துண்டில் எழுதுங்கள்: ஊர், மண்டபம், ஆட்களின் பெயர், திகதி, வருடம், நேரம், தொலைபேசி இலக்கம், கட்டணம். பத்துச் சொல் வந்தால் அதிகம். பிறகு புதிய மடலில் ஒவ்வொன்றையும் தேடுங்கள். ஜிமெயிலை உலாவியில் திறந்திருந்தால் `Ctrl+F` போதும். கணினியில் நிறுவிய பழைய அவுட்லுக்கில் எழுதும் சாளரத்துக்குள் தேட `F4`.

தமிழில் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. ‘அக்கரைப்பற்று’ என்று முழுச் சொல்லையும் தட்டினால் ‘அக்கரைப்பற்றில்’, ‘அக்கரைப்பற்றிலுள்ள’ என்பவை அகப்படாது, ஏனென்றால் வேற்றுமை சேரும்போது கடைசி எழுத்து ‘று’விலிருந்து ‘றி’யாகிவிடுகிறது. அதனால் மாறாத பகுதியை மட்டும் தட்டுங்கள்: ‘அக்கரை’, ‘மட்டக்கள’, ‘மண்டப’. திகதிக்கும் இதே கதைதான். 2024.03.12 என்று இலக்கத்தில் ஓரிடத்திலும், மார்ச் 12 என்று இன்னோரிடத்திலும், பங்குனி 12 என்று வேறோரிடத்திலும் ஒரே மடலில் வரும். 2024, மார்ச், பங்குனி, 03 என்று நாலு தரம் தேடினால்தான் எல்லாம் வெளியே வரும். தொலைபேசிக்கு முழு இலக்கம் தேவையில்லை. அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்து நிலையான இணைப்புகள் 067, அம்பாறை 063, மட்டக்களப்பு 065. களுவாஞ்சிகுடி நிகழ்ச்சிக்கான மடலில் 067 தென்பட்டால் அங்கேயே நின்று, அது வேண்டுமென்றே போட்டதா என்று கேளுங்கள். கைத்தொலைபேசி இலக்கத்தில் இந்தச் சாட்சி கிடைக்காது. அதை ஒரு தரம் அழைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இணைத்த கடிதம் பாமினி எழுத்துருவில் இருந்தால் யுனிகோட் தமிழில் தட்டித் தேடுவது வீண். திரையில் அக்கரைப்பற்று என்று தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது `mf;fiug;gw;W` என்ற ஆங்கில விசைகள். ‘ஒன்றும் அகப்படவில்லை’ என்று கணினி சொன்னதை நம்பி அனுப்பிவிடுவது பழைய கோப்புகளோடு வேலை செய்யும் இடங்களில் நிறைய நடக்கும். வேர்டில் தேடும் பெட்டிக்குள் `mf;fiu` என்று தட்டிப் பாருங்கள், உடனே வந்துவிடும்.

தேடல் எட்டாத மூலைகளும் உண்டு. இணைப்பில் தெரியும் எழுத்து வேறு, அதற்கடியில் இருக்கும் முகவரி வேறு. மேலே உள்ள எழுத்தை மாற்றினால் அடியில் உள்ளது மாறாது. எனவே ஒவ்வொரு இணைப்பையும் அழுத்தித் திறக்க வேண்டும். இதைத் தவறவிட்டால், வரைபடத்தை நம்பி வருபவர் களுவாஞ்சிகுடியைத் தாண்டி, கல்முனையும் நிந்தவூரும் கடந்து, போன வருடத்து மண்டபத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால்தான் நிற்பார்.

பழைய மடலை `Forward` கொடுத்து எடுத்திருந்தால் அதன் இணைப்புக் கோப்புகளும் கூடவே வந்திருக்கும். `Reply` கொடுத்திருந்தால் கோப்பு வராது, ஆனால் பழைய உரையாடல் முழுவதும் மூன்று புள்ளிகளுக்குள் மடிந்து கீழே கிடக்கும், பெறுபவர் ஒரு தட்டில் விரித்துவிடுவார். `Cc`யில் பழைய ஆட்களும் மிஞ்சியிருக்கலாம். ஆகவே புதிய மடலைத் தனியாகத் திறந்து, தேவையான பந்திகளை மட்டும் ஒட்டுவதே நல்லது. பெறுநரை மாற்றியபோது விளியையும் பாருங்கள்: ‘திருமதி’ என்று முகவரி எழுதி அடுத்த வரியில் ‘ஐயா,’ என்று விட்டுவிடுவது சின்னப் பிழைதான், ஆனால் பிரதி எடுத்தது என்பதை அது முதல் வரியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இதெல்லாம் முடிந்தபின் மடலை உங்களுக்கே ஒரு தரம் அனுப்பிக் கைத்தொலைபேசியில் திறந்து, கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கி வாசியுங்கள். வரிகள் வேறிடத்தில் உடைவதால் பழகிப்போன கண் சற்றுத் தடுமாறும், மிச்சப் பழையது அப்போது தெரியும்.

திருத்தத்தை அறிவிக்கும்போது எது மாறியது என்று மேலேயே சொல்லிவிடுங்கள். பெறுபவர் இரண்டு மடலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடப்போவதில்லை. மேலே சொன்ன மாதிரிக்கு அது இப்படி அமையலாம்:

“திருத்தம்: செயலமர்வு நாள் 2025.03.12 புதன்கிழமை (செவ்வாய் அல்ல). பெயர் பதியக் கடைசி நாள் 2025.03.05 புதன்கிழமை. தொடர்பு இலக்கமும் வரைபட இணைப்பும் மாற்றப்பட்டுள்ளன. இடமும் நேரமும் முன்பு அறிவித்தபடியே. முதல் மடலைத் தயவுசெய்து அழித்துவிடவும்.”

ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்தும் `Undo Send` ஆகக்கூடியது 30 விநாடிதான், அதுவும் அமைப்புகளில் போய்க் கூட்டிவைத்தால். மாற்றாமல் விட்டிருந்தால் 5 விநாடியில் போய்விடும்.