ஐந்து வருட இந்திய விசா: ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் இருக்கலாம்?

என் மச்சான் ஜெர்மனியில் இருக்கிறார். 2024 ஜூன் 27-க்குப் பிறகு அங்கே சட்டம் மாறி, பழைய குடியுரிமையை விடாமலே ஜெர்மன் குடியுரிமை எடுக்கலாம் என்று ஆனதும் விண்ணப்பித்து வாங்கிவிட்டார். ஜெர்மனி இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொன்னாலும் இந்தியச் சட்டம் விடாது. வேறு நாட்டுக் குடியுரிமையை நாமாக எடுத்த நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடும், அதனால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு சான்றிதழ் வாங்க வேண்டும். அதை வாங்கிவிட்டார். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை எடுக்கலாம் என்று பார்த்தால் அப்பா பெயர் ஒரு சான்றிதழில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி எழுதியிருந்தது, அதைச் சரிசெய்ய நாளாகும். இதற்கு நடுவில் கும்பகோணத்தில் அத்தை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு முறை வந்துபோனவர் மூன்று முறை வரவேண்டிய நிலை. அவருக்காக உட்கார்ந்து நாள் எண்ணியபோதுதான் இந்த ஐந்து வருட விசாவை எத்தனை பேர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

முதலில் யாருக்கு இது. ஓசிஐ வைத்திருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை, அவர்களுக்கு நாள் கணக்கே கிடையாது. ஓசிஐ இன்னும் வராதவர்கள், கல்யாணமாகி இரண்டு வருடம் முடியாததால் ஓசிஐ கேட்க முடியாத வெளிநாட்டு மருமகன், மருமகள், இந்திய வம்சாவளி இல்லாத ஈழத்துக் குடும்பங்களில் பிரெஞ்சு, பிரிட்டிஷ், சுவிஸ் பாஸ்போர்ட் வைத்திருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் அடிக்கடி வருபவர்கள், இவர்களுக்கெல்லாம் பொருந்துவது e-Tourist Visa. இதில் 30 நாள், 1 வருடம், 5 வருடம் என்று மூன்று வகை உண்டு. உறவினரைப் பார்க்க, கோயிலுக்குப் போக, சுற்றிப் பார்க்க என்றால் போதும், வேலை பார்க்கக் கூடாது. உங்கள் நாடு பட்டியலில் இருக்கிறதா, உங்கள் நாட்டுக்கு 5 வருட வகை கிடைக்கிறதா, கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் அரசுத் தளத்திலேயே பாருங்கள், நாட்டுக்கு நாடு மாறும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் இன்னும் அகதிப் பயண ஆவணத்தோடு இருக்கும் நம் ஆட்கள் நிறைய. அந்த நீல, சாம்பல் நிறப் புத்தகங்கள் பார்க்க பாஸ்போர்ட் மாதிரியே இருக்கும், ஆனால் அவற்றுக்கு இணையவழி விசா கிடையாது. அவர்கள் தூதரகம் வழியாகத்தான் போக வேண்டும். பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்ள வேண்டாம், விசா கிடைக்காவிட்டாலும் கட்டணம் திரும்பி வராது.

விண்ணப்பிக்கும் இடம் இது ஒன்றுதான்:

```
indianvisaonline.gov.in/evisa
```

தேடும்போது மேலே வரும் பல தளங்கள் இடைத்தரகர்களுடையவை, முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் gov.in என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், ஸ்டாம்ப் போட இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். பாஸ்போர்ட் எண்ணைத் தட்டும்போது கவனம். ஜெர்மன் பாஸ்போர்ட் எண்ணில் O என்ற எழுத்தே வராது, உருண்டையாக எது இருந்தாலும் அது 0 என்ற எண்தான். மச்சான் முதல் தடவை தட்டியதில் நடுவில் O இருந்தது, அனுப்புவதற்கு முன்னால் பார்த்துவிட்டோம். அப்படியே போயிருந்தால் விசா வந்திருக்கும், ஆனால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போயிருக்காது, விமானத்தில் ஏறும் இடத்திலேயே நிறுத்தியிருப்பார்கள். நிலை GRANTED என்று மாறியதும் அந்தத் தாளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி கணக்கு. இந்த விசாவில் மூன்று கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடும், மூன்றில் எது முதலில் முடிகிறதோ அதுதான் உங்கள் எல்லை.

முதல் கணக்கு ஐந்து வருடம். இது நீங்கள் வந்து இறங்கும் நாளிலிருந்து ஓடுவதில்லை, விசா வழங்கப்பட்ட தேதியிலிருந்து ஓடும். மச்சானுக்கு 2024 நவம்பர் 12-இல் கிடைத்தது, முதல் முறை இறங்கியது 2025 ஜனவரியில், ஆனால் முடிவது 2029 நவம்பர் 11-தான். கடைசிப் பயணத்தில் 90 நாள் பாக்கி இருந்தாலும் அந்தத் தேதிக்கு முன்பே கிளம்பிவிட வேண்டும்.

இரண்டாவது, ஒரு வருகையில் தொடர்ந்து எத்தனை நாள் இருக்கலாம் என்பது. பெரும்பாலான நாட்டினருக்கு 90 நாள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான் நாட்டினருக்கு 180 நாள். இதில்தான் லண்டன் சித்தப்பா சொன்ன யோசனையைக் கேட்டு ஜெர்மனிக்காரர் மாட்டிக்கொள்வது நடக்கிறது. இருவர் கையிலும் ஐந்து வருட விசாதான், ஆனால் எல்லை வேறு.

மூன்றாவது, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையிலான ஒரு காலண்டர் வருடத்தில் எல்லா வருகைகளையும் கூட்டி 180 நாளுக்கு மேல் போகக் கூடாது. இதை யாரும் நினைவில் வைப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை வருபவருக்கு இது உறைக்காது, அடிக்கடி வருபவரைத்தான் பிடிக்கும்.

இப்போது மச்சானின் 2025. ஜனவரி 10 அதிகாலை 12.40-க்கு இமிகிரேஷன் கவுன்டரில் ஸ்டாம்ப் விழுந்தது. விமானம் தரை தொட்டது 9-ஆம் தேதி இரவு என்றாலும் எண்ணவேண்டியது ஸ்டாம்பில் உள்ள தேதியைத்தான். வந்த நாளும் ஒரு நாள், போகும் நாளும் ஒரு நாள் என்றே எண்ணுங்கள். ஜனவரியில் 22, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 31, கூட்டினால் 81. அப்போது 90-ஆவது நாள் ஏப்ரல் 9. அவருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் "மூணு மாசம்தானே" என்று ஏப்ரல் 10 அதிகாலை 2 மணி விமானத்தில் போட்டிருந்தார். மூன்று மாதமும் 90 நாளும் ஒன்றல்ல, அது 91-ஆவது நாள். நள்ளிரவுக்கு முன்பே இமிகிரேஷனைத் தாண்டிவிட்டால் 9-ஆம் தேதி ஸ்டாம்ப் விழும், தப்பிக்கலாம், வரிசை நீண்டு 12 மணி தாண்டினால் மாட்டிக்கொள்வோம். சென்னையிலிருந்து ஐரோப்பா பக்கம் போகும் விமானங்கள் பல நடுராத்திரிக்கு மேல்தான் கிளம்புகின்றன, அதனால் கடைசி நாளில் டிக்கெட் போடவே போடாதீர்கள், மூன்று நான்கு நாளாவது விட்டுவையுங்கள். அத்தை கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கியதும் அவர் மார்ச் 25-ஆம் தேதியே கிளம்பினார், 75 நாள் ஆனது.

அடுத்து ஜூலை 4 முதல் ஆகஸ்ட் 17 வரை 45 நாள். மொத்தம் 120. இங்கே ஒரு பழைய பேச்சு வரும்: ஒரு முறை போய்விட்டு இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்ப வரலாம் என்று. அப்படி ஒரு விதி 2009 கடைசியில் வந்தது, 2012-இல் ஒருசில நாட்டினரைத் தவிர மற்றவர்களுக்கு எடுத்துவிட்டார்கள். ஊரில் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் பயப்பட வேண்டாம்.

மூன்றாவது வருகைக்கு அவர் நினைத்தது அக்டோபர் 20, தீபாவளியன்று வந்து பொங்கல் முடிந்து ஜனவரி 17-இல் கிளம்புவது. விரல் விட்டு எண்ணினார்: 12, 30, 31, 17, சரியாக 90. சந்தோஷமாக டிக்கெட் போடப் போனார். ஆனால் அந்த வருடத்தில் அவருக்கு மீதி இருந்தது 60 நாள்தான். அக்டோபர் 20-இல் வந்தால் டிசம்பர் 18-ஆம் தேதியோடு 180 முடிந்துவிடும். பொங்கலும் இல்லை, கிறிஸ்துமஸ் விடுமுறையும் இல்லை.

அதனால் மாற்றிப் போட்டோம். நவம்பர் 25-இல் வந்தார். நவம்பரில் 6, டிசம்பரில் 31, ஆக 37, வருட மொத்தம் 157. ஜனவரி 1-இல் வருடக் கணக்கு மட்டும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், தொடர் தங்கல் கணக்கு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஜனவரி 20-இல் கிளம்பியபோது தொடர்ந்து இருந்தது 57 நாள், புது வருடக் கணக்கில் 20 நாள் கழிந்து 160 மீதி. தீபாவளிக்கு இல்லை என்று அத்தைக்கு வருத்தம்தான், பொங்கலுக்குப் பிள்ளை பக்கத்தில் இருந்தான் என்று தேற்றிக்கொண்டார்.

180 நாள் கிடைக்கும் நாட்டினருக்கும் இதே மாதிரிதான். அக்டோபர் 1-இல் வருபவருக்கு அந்த வருடத்தில் 92 நாளும் அடுத்த வருடத்தில் 88 நாளுமாகப் பிரிந்து மார்ச் 29-இல் முடியும், அதற்கு முன் அந்த வருடம் 88 நாளுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது.

இன்னொரு யோசனை அடிக்கடி கேட்பது, 90 முடியும்போது கொழும்புக்கு ஒரு எட்டு போய்விட்டு வந்தால் என்ன என்று. போய் வந்தால் தொடர் தங்கல் புதிதாகத் தொடங்கும், உண்மைதான். ஆனால் வருடக் கணக்கு அசையாது. அதோடு, இரண்டு நாளில் திரும்பி வருபவரிடம் எதற்கு வந்தீர்கள் என்று கவுன்டரில் கேட்பார்கள், உள்ளே விடுவது அவர்கள் முடிவு. காரணமும் திரும்பும் டிக்கெட்டும் கையில் இருக்கட்டும்.

இந்த விசாவை இந்தியாவில் இருந்துகொண்டே நீட்டிக்க முடியாது, வேறு விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். நாள் தாண்டிவிட்டால் விமான நிலையத்தில் பணம் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் e-FRRO தளத்தில் விண்ணப்பித்து வெளியேறும் அனுமதி வாங்கிய பிறகுதான் விடுவார்கள், அதற்கு நாளாகும், டிக்கெட் வீணாகும். அடுத்த விசாவிலும் அது நிற்கும். உடம்பு முடியாமல் தங்க நேர்ந்தால் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, நாள் முடிவதற்கு முன்பே அங்கே விண்ணப்பியுங்கள்.

நடுவில் பாஸ்போர்ட் மாற்றினால் விசா செத்துவிடாது. பழைய பாஸ்போர்ட்டையும் புதியதையும் சேர்த்து எடுத்து வாருங்கள். பழையதில்தான் உங்கள் ஸ்டாம்புகளும் இருக்கும், எண்ணுவதற்கு அதுவே ஆதாரம். உங்கள் விசாத் தாளிலும் முதல் ஸ்டாம்பிலும் எத்தனை நாள் என்று எழுதியிருப்பதை ஒரு முறை வாசியுங்கள், நான் சொன்னதற்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தால் தாளில் இருப்பதுதான் சட்டம்.

கும்பகோணம் வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் மாதக் காலண்டரில் அத்தை இப்போது பேனாவால் எழுதுகிறார், வந்த நாளுக்கு ஒரு வட்டம், போன நாளுக்கு ஒரு வட்டம், மாதக் கடைசியில் ஒரு எண். ஜனவரிப் பக்கத்தில் 20 என்று எழுதியிருக்கிறது.